24 லட்சத்திலிருந்து மாதம் 16,000: டிவிடெண்டா, எஸ்.டபிள்யூ.பி.யா?

செந்தில்_திருச்சி

வணக்கம். அப்பா போன மாதம் ஓய்வு பெற்றார். தனியார் ஆலை வேலை, இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 2,900 தான். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 39 லட்சம் வந்தது. அதில் 15 லட்சத்தைத் தபால் நிலையத்தில் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டுவிட்டோம். 8.2 சதவீதம், 3 மாதத்துக்கு ஒருமுறை 30,750 வரும். கைவசம் இன்னும் 24 லட்சம் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து மாதம் 16,000 வந்தால் போதும்.

வங்கியில் எங்கள் கணக்கைப் பார்க்கும் அதிகாரி, பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஒரு ஹைப்ரிட் ஃபண்டின் டிவிடெண்ட் திட்டத்தைக் காட்டினார். "மாதம் பிறந்தால் டிவிடெண்ட், முதலுக்கு ஒன்றும் ஆகாது" என்றார். மச்சான் ஒருவர் அதெல்லாம் வேண்டாம், டிவிடெண்ட் தராமல் பணம் உள்ளேயே வளரும் க்ரோத் திட்டத்தில் போட்டு, மாதா மாதம் கொஞ்சம் யூனிட்டை விற்றுப் பணம் தரும் எஸ்.டபிள்யூ.பி. வை என்கிறார். இரண்டிலும் மாதம் 16,000 தானே வருகிறது, என்ன வித்தியாசம்? அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.

மீனா_மதுரை

மச்சான் சொன்னதுதான் சரி செந்தில். டிவிடெண்டுக்கு முழு வரி, எஸ்.டபிள்யூ.பி.க்கு வரியே கிடையாது. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. 2020க்கு முன்னால் ஃபண்ட் நிறுவனமே வரியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும், நமக்குத் தெரியாது. இப்போது டிவிடெண்ட் முழுவதும் நம் வருமானத்தோடு சேர்ந்துவிடுகிறது.

பழனிச்சாமி_ஈரோடு

தம்பி, நான் 20 வருடமாக டிவிடெண்ட் வாங்குகிறேன். சிகரெட் கம்பெனி பங்கு, அரசு எண்ணெய் கம்பெனி பங்கு எல்லாம் இருக்கிறது. வருடா வருடம் பணம் வருகிறது, பங்கு எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, விலையும் ஏறித்தான் இருக்கிறது. டிவிடெண்ட் தப்பு என்று யார் சொன்னது? முதலைத் தொடாமல் சாப்பிடுகிறவன்தான் புத்திசாலி.

வாசு_ராயப்பேட்டை

பழனிச்சாமி ஐயா, நீங்கள் சொல்வது பங்கு. தம்பி கேட்பது ஃபண்டின் டிவிடெண்ட் திட்டம். பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இத்தனை குழப்பமும்.

கம்பெனி தன் தொழிலில் வந்த லாபத்திலிருந்து உங்களுக்குக் கொடுக்கிறது. ஃபண்டுக்கு என்று தனித் தொழில் கிடையாது, நம் பணத்தில் வாங்கிய பங்கும் கடன் பத்திரமும்தான் அதன் சொத்து. டிவிடெண்ட் கொடுக்கும் நாளில் அந்தச் சொத்திலிருந்துதான் பணம் வெளியே போகும். செந்தில் கேஸையே எடுத்துக்கொள்வோம். டிவிடெண்ட் திட்டத்தின் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை, 30 ரூபாய் என்றால் 24 லட்சத்துக்கு 80,000 யூனிட். யூனிட்டுக்கு 20 பைசா அறிவித்தால் 16,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அதே நாளில் என்.ஏ.வி. 29.80 ஆகிவிடும். சந்தை அன்று அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டால் காலையில் 24,00,000, மாலையில் 23,84,000 யூனிட்டில், 16,000 கையில். யாரும் எதையும் கூடுதலாகத் தரவில்லை.

எஸ்.டபிள்யூ.பி.யில் 16,000 ரூபாய்க்கு எத்தனை யூனிட் வருமோ அத்தனையை விற்றுத் தருகிறார்கள். யூனிட் குறையும், என்.ஏ.வி. குறையாது. மொத்த மதிப்பு இதிலும் 23,84,000 தான். அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று.

"முதலுக்கு ஒன்றும் ஆகாது" என்று அந்த அதிகாரி சொன்னது தவறு. இப்படிச் சொல்லிச் சொல்லி விற்றார்கள் என்பதற்காகத்தான் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பெயரையே மாற்றச் சொன்னது. 2021 ஏப்ரல் 1 முதல் படிவத்தில் டிவிடெண்ட் என்ற சொல்லே இருக்காது, IDCW என்று இருக்கும். வருமானப் பகிர்வும் முதலைத் திரும்ப எடுத்தலும் சேர்ந்தது என்று அர்த்தம். அதிகாரி காட்டிய தாளை இன்னொரு முறை பாருங்கள், அந்த நாலு எழுத்து எங்கேயாவது இருக்கும்.

பழனிச்சாமி_ஈரோடு

பங்கிலும் டிவிடெண்ட் தேதியன்று விலை குறையத்தானே செய்கிறது? அப்படிப் பார்த்தால் அதுவும் இதே கதைதானே!

வாசு_ராயப்பேட்டை

குறையும் ஐயா. ஆனால் 1 அல்லது 2 சதவீதம் அன்றைய ஏற்ற இறக்கத்தில் கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. கணக்கு அதேதான். வித்தியாசம் எங்கே என்றால், லாபம் இல்லாத கம்பெனி வருடக்கணக்கில் டிவிடெண்ட் கொடுக்க முடியாது. ஃபண்டில் புதிதாக வருகிறவர் 30 ரூபாய்க்கு யூனிட் வாங்கும்போது, முகமதிப்பு 10 போக மீதியில் ஒரு பகுதி சமன்படுத்தும் கையிருப்பு என்ற கணக்குக்குப் போகிறது. அதிலிருந்தும் டிவிடெண்ட் கொடுக்கலாம். அதாவது நேற்று நீங்கள் கட்டிய பணமே இன்று டிவிடெண்டாகத் திரும்பி வரலாம். எவ்வளவு வருமானம், எவ்வளவு முதல் என்று இப்போது கணக்கு அறிக்கையில் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த இரண்டு வரியை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

செந்தில்_திருச்சி

சரி சார், ஒரே பணம்தான் என்று புரிகிறது. அப்படியானால் மீனா மேடம் சொன்ன மாதிரி வரியில்தான் வித்தியாசமா?

வாசு_ராயப்பேட்டை

வரியில் வித்தியாசம் உண்டு. ஆனால் எஸ்.டபிள்யூ.பி.க்கு "வரியே கிடையாது" என்பது பாதிதான் சரி.

க்ரோத் திட்டத்தில் என்.ஏ.வி. 40 என்று வைத்துக்கொள்வோம். 24 லட்சத்துக்கு 60,000 யூனிட். அடுத்த மாதம் 40.20 ஆகிறது. 16,000 ரூபாய்க்கு 398 யூனிட் விற்பார்கள். அவற்றின் வாங்கிய விலை 15,920. ஆக லாபம் 80 ரூபாய், வரி அந்த 80 ரூபாய்க்கு மட்டும். டிவிடெண்டாக வந்தால் 16,000 முழுவதும் வருமானம். இந்தப் பணம் 30 சதவீத வரம்பில் இருக்கும் ஒருவருடையது என்றால் செஸ் சேர்த்து மாதம் 4,992 ரூபாய் வரி. மீனா சொல்ல வந்தது இதுதான்.

ஆனால் வருடம் போகப் போக லாபப் பங்கு ஏறிக்கொண்டே வரும். வருடம் 8 சதவீதம் வளர்ந்தால் பத்தாவது வருட நடுவில் என்.ஏ.வி. 83 பக்கம் இருக்கும். அப்போது விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் பாதிக்கு மேல் லாபம். அந்த வருடம் எடுக்கும் 1,92,000-இல் ஏறக்குறைய 1 லட்சம் லாபம் என்று கணக்கில் வரும். வரி தள்ளிப் போகிறது, குறைகிறது, ஆனால் காணாமல் போவதில்லை. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு, அதையும் மறக்க வேண்டாம்.

மீனா_மதுரை

ஈக்விட்டி ஃபண்டில் வருடத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லையே சார்? அந்த 1 லட்சம் அதற்குள்தானே வருகிறது? அப்போது நான் சொன்னது சரிதானே :)

வாசு_ராயப்பேட்டை

ஈக்விட்டி வகை என்றால் சரி. அதாவது 65 சதவீதத்துக்குக் குறையாமல் இந்தியப் பங்குகளில் இருக்க வேண்டும், யூனிட் வாங்கி ஒரு வருடம் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு மேல் லாபத்துக்கு 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் நம் வருமானத்தோடு சேர்ந்துவிடும். அங்கேயும் முழுத் தொகைக்கு இல்லை, லாபத்துக்கு மட்டும்தான் வரி.

இப்போது செந்தில், உங்கள் அப்பா கணக்குக்கு வாருங்கள். தபால் நிலைய வட்டி வருடம் 1,23,000. பென்ஷன் 34,800. டிவிடெண்டாகவே 1,92,000 வந்தாலும் மொத்தம் ஏறக்குறைய 3.5 லட்சம். புதிய வரி முறையில் 2025-26-க்கு 4 லட்சம் வரை வரியே இல்லை. எஸ்.டபிள்யூ.பி. வைத்தாலும் பூஜ்யம், டிவிடெண்ட் வாங்கினாலும் பூஜ்யம். டிவிடெண்டில் ஒரு தொந்தரவு மட்டும் உண்டு: ஒரு ஃபண்ட் நிறுவனம் வருடத்தில் 10,000-க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். 2025-26-இல் வரி கட்ட வேண்டியதில்லை என்ற 15எச் உறுதிமொழிப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். எஸ்.டபிள்யூ.பி.யில் இங்கே வசிப்பவருக்கு டி.டி.எஸ். இல்லை.

ஆகவே இந்த இழையில் எல்லோரும் முதலில் பேசிய வரி, அப்பாவுக்குப் பொருட்டே இல்லை.

பழனிச்சாமி_ஈரோடு

எனக்கு அரசுப் பென்ஷன் வருடம் 7 லட்சம் வருகிறது. ஃபண்ட் டிவிடெண்டும் கொஞ்சம் வாங்குகிறேன். என் பெண் மாற்றச் சொல்கிறாள். மாற்ற வேண்டுமா?

வாசு_ராயப்பேட்டை

வரிக்காக என்றால் அவசரப்பட வேண்டாம் ஐயா. 2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி பூஜ்யம் ஆகிறது. பென்ஷனும் டிவிடெண்டும் அந்தத் தள்ளுபடிக்குள் வரும். ஈக்விட்டி ஃபண்டை விற்ற லாபத்துக்குத் தனி விகிதம் என்பதால் தள்ளுபடி அதற்குக் கிடையாது. ஒரு வருடத்தில் உங்களுக்கு 2 லட்சம் நீண்டகால லாபம் வந்தால் 1.25 லட்சம் போக 75,000-க்கு 9,375, செஸ்ஸோடு 9,750 கட்ட வேண்டும். 2 லட்சம் டிவிடெண்டாக வந்தால் உங்கள் நிலையில் ஒன்றும் இல்லை. 2 லட்சம் லாபம் வர எவ்வளவு யூனிட் விற்க வேண்டும் என்பது தனிக் கதை, சாதாரணமாக நீங்கள் அந்த எல்லையைத் தொடவே மாட்டீர்கள். ஆனாலும் "டிவிடெண்ட் என்றாலே வரி நஷ்டம்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ரஃபீக்_துபாய்

நான் இங்கே 2011-லிருந்து இருக்கிறேன். ஊரில் உம்மாவுக்கு மாதம் பணம் போக வேண்டும் என்று என் பெயரிலேயே டிவிடெண்ட் திட்டம் வைத்திருந்தேன். என்.ஆர்.ஐ. என்பதால் ஒவ்வொரு தடவையும் 20 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். இப்போது எஸ்.டபிள்யூ.பி.க்கு மாற்றியிருக்கிறேன். டி.டி.எஸ். லாபத்துக்கு மட்டும் என்பதால் பிடித்தம் கொஞ்சம்தான். ஆனால் வாசு சார் சொன்ன 12 லட்சத் தள்ளுபடி எங்களுக்கு இல்லை. வரியில்லா அடிப்படை வரம்பில் இடம் மிச்சம் இருந்தாலும் அதில் ஈக்விட்டி லாபத்தைக் கழிக்கவும் முடியாது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு ஊர்க் கணக்கை அப்படியே போட வேண்டாம்.

செந்தில், பணம் உங்கள் அப்பா பெயரிலேயே இருக்கட்டும். அதுதான் முக்கியம்.

செந்தில்_திருச்சி

அப்பா பெயரில்தான் இருக்கும் ரஃபீக் அண்ணே. வரி விஷயம் தெளிவாகிவிட்டது. அப்போ எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதானா? அப்பா டிவிடெண்ட் பக்கம் சாய்கிறார். "யூனிட் குறையாமல் இருந்தால் மனசுக்கு நிம்மதி" என்கிறார்.

லதா_கோவை

மனசு நிம்மதி பற்றி நான் சொல்கிறேன். 2019 நடுவில் ஒரு ஹைப்ரிட் ஃபண்டில் மாதம் 12,000 எஸ்.டபிள்யூ.பி. வைத்தேன். என்.ஏ.வி. 48 பக்கம், மாதம் 250 யூனிட் போய்க்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் 35-க்கு வந்தது. அதே 12,000-க்கு 343 யூனிட் போனது. அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது என்றே எனக்குப் புரிந்தது. விலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அதிகமாக விற்கிறது, யாரிடமும் கேட்பதும் இல்லை. மாதா மாதம் முதலீடு செய்யும் எஸ்.ஐ.பி.யில் விலை குறைந்தால் நிறைய வாங்குகிறோம் என்று சந்தோஷப்படுகிறோமே, அதன் தலைகீழ் இது.

நிறுத்த மனு கொடுத்தேன். தேதிக்குச் சில வேலை நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டுமாம், அதனால் அடுத்த தவணையும் போய்விட்டது. 6 மாதம் கழித்துத் திரும்பத் தொடங்கினேன். அந்த 6 மாதமும் எஃப்.டி.யை உடைத்துச் சாப்பிட்டோம்.

வாசு_ராயப்பேட்டை

லதா சொன்னதுதான் இந்த விஷயத்தின் மையம். இனிமேல்தான் செந்திலுக்குத் தேவையான கணக்கு வருகிறது.

டிவிடெண்டை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வது ஃபண்ட் நிறுவனம். சந்தை விழுந்தால் அவர்கள் குறைப்பார்கள், நிறுத்தியும் விடுவார்கள். எந்த உத்தரவாதமும் கிடையாது. எஸ்.டபிள்யூ.பி.யில் முடிவு உங்களுடையது. 16,000 என்று எழுதிக் கொடுத்தால் யூனிட் தீரும் வரை 16,000 வரும். வருமானம் நிற்காமல் இருப்பதற்கு விலை, யூனிட் கரைவது.

எவ்வளவு கரையும் என்று பார்க்க மிக மோசமான தொடக்கம் ஒன்றை எடுக்கிறேன். 2007 கடைசி நாளில் சென்செக்ஸ் 20,287. அன்று 20 லட்சத்தை அப்படியே சென்செக்ஸில் போட்டு, ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 1.6 லட்சம், அதாவது போட்ட தொகையில் 8 சதவீதம் எடுத்த ஒருவர். செந்தில் கேட்கும் விகிதமும் இதே 8 தான். சென்செக்ஸ் எண்ணையே என்.ஏ.வி.யாக வைத்தால் அவரிடம் 98.6 யூனிட்.

2008 கடைசியில் சென்செக்ஸ் 9,647. ஒரே தவணையில் 16.6 யூனிட் போயிற்று. 2009-இல் 17,465-க்கு ஏறியது, 9.2 யூனிட் போயிற்று. 2010 கடைசியில் 20,509. போட்ட அன்றைய அளவைத் தாண்டிவிட்டது. டி.வி.யில் எல்லாம் மீண்டுவிட்டது என்கிறார்கள். இவர் கையில் இருப்பது 65 யூனிட், 13.3 லட்சம். அப்புறம் 2011-இல் 15,455, 2012-இல் 19,427, 2013-இல் 21,171. 2013 கடைசித் தவணைக்குப் பிறகு மிச்சம் 39 யூனிட், 8.2 லட்சம். ஆறு வருடத்தில் எடுத்தது 9.6 லட்சம். குறியீடு தொடங்கிய இடத்துக்கு மேலே நிற்கிறது, இவருடைய யூனிட்டில் அறுபது சதவீதம் இல்லை.

அதே ஆள் 4 சதவீதம், வருடம் 80,000 எடுத்திருந்தால் 2013-இல் 68.7 யூனிட், 14.5 லட்சம் மிச்சம். வித்தியாசத்தைப் பாருங்கள்.

பங்குகள் தரும் டிவிடெண்டை நான் சேர்க்கவில்லை, மாதா மாதம் எடுத்திருந்தால் 2008-இன் அடி கொஞ்சம் பரவியிருக்கும். உண்மையில் இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. ஆனால் வடிவம் இதுதான்.

மீனா_மதுரை

இதைப் பார்த்தால் டிவிடெண்டே தேவலை போலிருக்கிறதே? விழும்போது அவர்கள் நிறுத்திவிடுவார்கள், யூனிட் தப்பிக்கும்.

வாசு_ராயப்பேட்டை

யூனிட் தப்பிக்கும், அந்த மாதம் அரிசி யார் வாங்குவது? செலவு நிற்கவில்லை என்றால் யூனிட்டை விற்றுத்தான் ஆக வேண்டும், அது கடைசியில் எஸ்.டபிள்யூ.பி.தான். வேறு வருமானம் இருந்து, டிவிடெண்ட் குறைந்தாலும் சமாளிக்கிறவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் அவர் எஸ்.டபிள்யூ.பி.யை நிறுத்தியும் அதே பலனைப் பெறலாம், லதா செய்த மாதிரி.

2017 வாக்கில் ஹைப்ரிட் ஃபண்டுகளை மாத டிவிடெண்டுக்காகவே விற்றார்கள். சம்பளம் மாதிரி வரும் என்று வாங்கிய பலருக்கு 2018-க்குப் பிறகு தொகை குறைந்தபோது அதிர்ச்சி. நல்ல சந்தையில் சேர்ந்த உபரியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

செந்தில்_திருச்சி

அப்படியானால் 24 லட்சத்தில் 16,000 என்பதே அதிகமா சார்?

வாசு_ராயப்பேட்டை

அதிகம்தான். வருடம் 1.92 லட்சம், சரியாக 8 சதவீதம். ஃபண்ட் சராசரி 7 சதவீதம் தந்து, நீங்கள் என்றைக்கும் 16,000 மட்டுமே எடுத்தால் 30 வருடம் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலைவாசிக்காக வருடம் 6 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் 14 வருடத்தில் தீர்ந்துவிடும். அப்பாவுக்கு இப்போது 60 என்றால் அப்போது வயது 74. இதுவும் நடுவில் 2008 மாதிரி ஒன்று வராமல் இருந்தால்.

பழனிச்சாமி_ஈரோடு

இதற்குத்தான் நான் தபால் நிலையம் என்கிறேன். சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாமே தம்பி, 15-ஓடு ஏன் நிறுத்தினீர்கள்? இன்னும் 15 லட்சம் போட்டால் இன்னொரு 30,750 வரும், மாதம் பத்தாயிரத்துக்கு மேல். சந்தை ஏறினால் என்ன, விழுந்தால் என்ன.

வாசு_ராயப்பேட்டை

இந்த இழையிலேயே மிகச் சரியான வார்த்தை இது. ஐயா கேட்ட பிறகு கணக்கு மாறிவிடுகிறது. தபால் நிலையத்தில் 30 லட்சத்துக்கு மாதம் 20,500. வேண்டியது, ஏற்கெனவே வரும் 10,250-ஓடு 16,000 சேர்த்து 26,250. ஆக ஃபண்டிலிருந்து மாதம் 5,750 வந்தால் போதும். ஃபண்டில் மிச்சம் 9 லட்சம். அப்போதும் வருடம் 69,000, 7.7 சதவீதம். விகிதம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் மோசமான வருடத்தில் எஸ்.டபிள்யூ.பி.யை நிறுத்தினாலும் வீட்டில் அடுப்பு எரியும். குறை என்னவென்றால் வட்டி 5 வருடத்துக்கு அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. அப்பாவின் எண்பது வயதுச் செலவுக்கு வளர வேண்டிய பணம் 9 லட்சமாகச் சுருங்கிவிடுகிறது.

லதா_கோவை

நான் இப்போது வேறு மாதிரி வைத்திருக்கிறேன். இரண்டு வருடச் செலவை, குறுகியகாலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் போட்டு அதிலிருந்து மட்டும் எஸ்.டபிள்யூ.பி. ஹைப்ரிட் ஃபண்டைத் தொடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, ஹைப்ரிட் ஏறியிருந்தால் மட்டும், அங்கிருந்து லிக்விட்டுக்கு மாற்றுவேன். 2020 மாதிரி வந்தால் இரண்டு வருடம் காத்திருக்கலாம்.

வாசு_ராயப்பேட்டை

வாளி முறை. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை லதா. 2008 கணக்கைப் பாருங்கள், இரண்டு வருடம் காத்திருந்தாலும் 2011-இல் மறுபடி விழுந்தது. லிக்விட்டில் தூங்கும் பணத்துக்கு வருமானமும் குறைவு. எடுக்கும் தொகையைக் குறைப்பதுதான் நிஜமான மருந்து.

லதா_கோவை

தொகையைக் குறைக்க முடிகிறவர்கள் குறைக்கட்டும் சார். என்னால் முடியவில்லை. இரண்டு வருடச் செலவு தனியாக இருக்கிறது என்றால் சந்தை விழும்போது பதறி எல்லாவற்றையும் விற்காமல் இருப்பேன். அந்தப் பதற்றத்துக்கு உங்கள் கணக்கில் இடம் இல்லை.

மீனா_மதுரை

இதில் நான் லதா பக்கம்.

செந்தில்_திருச்சி

அப்பாவிடம் உட்கார்ந்து பேசினேன். 15 லட்சம் தபால் நிலையத்துக்குப் போகிறது. 9 லட்சம் ஹைப்ரிட் ஃபண்ட் க்ரோத்தில். எஸ்.டபிள்யூ.பி. மாதம் 4,000-இல் தொடங்கலாம் என்றார், மீதி 1,750-ஐ நான் தருகிறேன் என்றேன். வாங்க மாட்டேன் என்கிறார், அது வீட்டுச் சண்டை, இங்கே வேண்டாம்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வெளியேறும் கட்டணம் உண்டா? அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு மாதப் பணம் தொடர்ந்து வருமா?

வாசு_ராயப்பேட்டை

நல்ல முடிவு. வருடம் 48,000, 5.3 சதவீதம். மூச்சுவிட இடம் இருக்கிறது.

கட்டணம் ஃபண்டுக்கு ஃபண்ட் மாறும். பல ஹைப்ரிட் ஃபண்டுகளில் முதல் வருடத்தில் 10 சதவீத யூனிட் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால்தான் 1 சதவீதம். நீங்கள் எடுப்பது அந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் எல்லா ஃபண்டிலும் அந்தச் சலுகை இல்லை, திட்ட ஆவணத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் முதல் தவணையை 13-ஆவது மாதத்துக்குத் தள்ளுங்கள், குறுகியகால லாப வரிப் பேச்சும் எழாது.

அம்மா விஷயம் கவனம். அப்பா ஒருவர் பெயரில் இருந்து நாமினி அம்மா என்றால், தகவல் சொன்னதும் எஸ்.டபிள்யூ.பி. நின்றுவிடும். யூனிட்டை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், அவருடைய கே.ஒய்.சி., வங்கிச் சான்று, இறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். மாற்றி முடிந்த பிறகு புதிதாக எஸ்.டபிள்யூ.பி. மனு கொடுக்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் பணம் வராது. இப்போதே இருவர் பெயரில், இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் என்று தொடங்கினாலும் பெயர் நீக்கும் வேலை இருக்கும், ஆனால் அம்மாவின் கே.ஒய்.சி. முன்பே முடிந்திருக்கும்.

ரஃபீக்_துபாய்

பணம் போகும் வங்கிக் கணக்கும் கூட்டுக் கணக்காக இருக்கட்டும். நாங்கள் அதில்தான் மாட்டினோம். யூனிட் மாறிவிட்டது, வங்கிக் கணக்கு வாப்பா பெயரிலேயே முடங்கிக் கிடந்தது.

பழனிச்சாமி_ஈரோடு

தம்பி, படிவத்தில் Growth என்று இருக்கும் கட்டத்தை நீங்களே டிக் செய்யுங்கள். வங்கிக்காரரை நிரப்பவிட்டால் பழைய ஞாபகத்தில் IDCW-ஐப் போட்டுவிடுவார். என் பெண் எனக்கு இன்று காலை அறிக்கையைப் பிரித்துக் காட்டினாள். 3 வருடம் வாங்கிய டிவிடெண்டில் பாதிக்கு மேல் முதல் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் நான் மாற்றவில்லை, வாசு சார் சொன்ன 12 லட்சத்துக் கணக்கு எனக்குச் சாதகமாக இருக்கும் வரை இப்படியே ஓடட்டும்.

மீனா_மதுரை

முதல் திரும்பி வருகிறது என்று தெரிந்தும் மாற்றவில்லையா ஐயா?

பழனிச்சாமி_ஈரோடு

எப்படியும் இரண்டு வழியிலும் என் பணம்தானே வருகிறது அம்மா, நீங்கள் எல்லாரும் சேர்ந்து மேலே அதைத்தானே சொன்னீர்கள்?